தூக்கம்தான் போகிறது, போதை அப்படியே இருக்கிறது

"மதுவில் எனர்ஜி டிரிங்க் கலந்து குடித்தால் தெளிவாகத்தானே இருக்கிறேன், வண்டி ஓட்டினால் என்ன?"

அது தூக்கம் வராததால் தோன்றும் தெளிவு, நண்பரே. மது குடித்தால் மூளையில் தூக்கத்தை வரவழைக்கும் அடினோசின் என்ற பொருள் கூடும், அதனால்தான் கண் சொக்குகிறது. அடினோசின் போய் ஒட்டும் இடத்தை எனர்ஜி டிரிங்கில் உள்ள காஃபின் அடைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ரத்தத்தில் உள்ள ஆல்கஹால் துளிகூடக் குறைவதில்லை. கல்லீரல் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 30 மில்லி விஸ்கியைத்தான் கரைக்கும், காஃபின் அதை வேகப்படுத்தாது.

2 மணி நேரத்தில் 120 மில்லி விஸ்கி குடித்தீர்கள் என்று வையுங்கள். பாதி இன்னும் உடம்பில்தான் இருக்கிறது. வெறும் மதுவாக இருந்தால் அந்நேரம் கண் சொக்கி, போதும் என்று எழுந்திருப்பீர்கள். இப்போது அந்தத் தடை இல்லாததால் அடுத்ததையும் ஊற்றுகிறீர்கள். அப்புறம் வண்டியில் ஏறினால், பிரேக்கை மிதிக்க வேண்டிய கால் தாமதமாகத்தான் நகரும்.