வெள்ளித் தலையும் சொட்டு நீலமும்

(அழகு நிலையம். புஷ்பா அக்கா, குமாரின் தலைமுடியில் ஒரு கற்றையை எடுத்து வெள்ளை டிஷ்யூ காகிதத்தின் மேல் வைத்துப் பார்க்கிறார்.)

புஷ்பா: போன மாசம் வெள்ளியாகத்தானே அனுப்பினேன்? மேலே மஞ்சள், நுனியில் கத்தரிப்பூ. என்ன தம்பி பண்ணினாய்?

குமார்: மஞ்சள் தட்டியதும் பர்ப்பிள் ஷாம்பு போட்டேன் அக்கா. ஊறட்டும் என்று மேட்ச் பார்த்தேன்.

புஷ்பா: எவ்வளவு நேரம்?

குமார்: பவர்பிளே முடியும்வரை.

புஷ்பா: ஆறு ஓவரா! அது வாரத்துக்கு ஒரு தடவை, இரண்டு மூன்று நிமிஷம் வைத்து அலச வேண்டிய சமாச்சாரம். பிளீச் பண்ணிய முடியில் நுனிதான் ரொம்ப அடிபட்டிருக்கும், கலரை முதலில் உறிஞ்சுவதும் அதுதான்.

குமார்: சரி, மேலே ஏன் மஞ்சள் போகவில்லை?

புஷ்பா: வெள்ளி நிறத்துக்காக நான் போட்ட டோனர் கரைந்து வருகிற மஞ்சள் வெளிறினாற்போல் இருக்கும், பர்ப்பிளுக்கு அடங்கிவிடும். இது பழுப்பு கலந்து, தொட்டால் சொரசொரவென்று இருக்கிறது. வீட்டில் போர் தண்ணியா?

குமார்: ஆமாம். பக்கெட்டே செம்பழுப்பாகிவிட்டது.

புஷ்பா: பக்கெட்டைப் பிடித்த இரும்பு உன் மண்டையை மட்டும் விடுமா? பர்ப்பிள் கறையை எடுக்காது, மஞ்சளை மறைக்கத்தான் செய்யும். இரும்புக்கு கீலேட்டிங் ஷாம்பு என்று தனியாக இருக்கிறது. மாசம் ஒரு தடவை போதும், அடிக்கடி போட்டால் டோனரையும் சேர்த்துக் கழுவிவிடும். அப்புறம் கண்டிஷனர், கடைசியாக ஒரு மக் கேன் தண்ணி ஊற்றி அலசு.

குமார்: கேன் தண்ணியா? ரசத்துக்கே அம்மா அளந்துதான் ஊற்றுவார்கள்! அவர்கள் வேறு யோசனை சொன்னார்கள், தலைக்குச் சொட்டு நீலம் போடு, அப்பா வேட்டி மாதிரி பளிச்சென்று ஆகிவிடும் என்று.

புஷ்பா: கணக்கு கிட்டத்தட்ட சரிதான். ஆனால் வேட்டியில் இருப்பது லேசான மஞ்சள். உன் தலையில் இருக்கிற மஞ்சளோடு நீலம் சேர்ந்தால் பச்சைதான், ஊதாதான் மஞ்சளை அடக்கும். அது இருக்கட்டும், சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் உண்டா?

குமார்: நல்லெண்ணெய், சீயக்காய், எல்லாம் முறைப்படி.

புஷ்பா: முறைப்படி மஞ்சளையும் பழுப்பையும் நீயே தேய்த்துவிட்டு என்னிடம் வந்திருக்கிறாய்! நிறமில்லாத சீரம் இரண்டு சொட்டு தடவு. ஸ்ட்ரெய்ட்னரை அதிகச் சூட்டில் வைக்காதே, அதுவும் மஞ்சளாக்கும்.

குமார்: இந்தக் கத்தரிப்பூ எப்போது போகும்?

புஷ்பா: சாதாரண ஷாம்பு போட்டு நாலைந்து தடவை அலசினால் மங்கிவிடும்.

குமார்: ஐயோ, நாளைக்குப் பெண் பார்க்கப் போகிறோம்!

புஷ்பா: பெண் என்ன கலர் புடவை கட்டப்போகிறாள் என்று கேட்டுச் சொல், மீதியையும் மேட்சிங்காக அடித்துவிடலாம்.