பள்ளிக்கூடம் போட்ட மார்க்கை எதை வைத்து நம்புவது?

போன வாரம் டியூஷன் முடிந்து பிள்ளைகள் கிளம்பும்போது ஓர் அம்மா வாசலில் நின்றார். தோட்டத்தில் வேலை முடித்து அப்படியே வந்திருந்தார். "சார், எம் மகனுக்கு டி.பி. 4 போட்டிருக்காங்க, அடுத்த பள்ளியில எல்லாருக்கும் 5, 6ன்னு அள்ளிக் கொடுத்துட்டாங்களாம், இது நியாயமா?" என்று கேட்டார். டி.பி. என்றால் வகுப்பறை மதிப்பீட்டில் ஆசிரியர் போடும் ஆறு நிலைகளில் ஒன்று. மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில், இந்தக் கேள்வி என் காதில் விழுவது இது முதல் தடவை இல்லை. 2021இல் ஆறாம் ஆண்டுப் பொதுத்தேர்வான யூ.பி.எஸ்.ஆர். போனது, 2022இல் மூன்றாம் படிவத் தேர்வான பி.டி.3 போனது, அப்புறம் வகுப்பறை மதிப்பீட்டின் பாரம் கூடிவிட்டது, கூடவே இந்தச் சந்தேகமும் வளர்ந்துவிட்டது.

அந்த அம்மாவுக்கு அன்றைக்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும்.

என் அக்கா குடும்பம் சிட்னியில் இருக்கிறது. அவர் மகள் அங்கே பள்ளிப் படிப்பின் கடைசியில் வரும் எச்.எஸ்.சி. தேர்வை எழுதினாள். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஒரு பாடத்தின் இறுதி மார்க்கில் பாதி பொதுத்தேர்வு, பாதி பள்ளி மதிப்பீடு. ஆனால் பள்ளி அனுப்பும் மார்க்கை அப்படியே சேர்க்க மாட்டார்கள். அந்தப் பள்ளியில் அந்தப் பாடம் எடுத்த பிள்ளைகளை ஒரே குழுவாக வைத்து, அந்தக் குழு பொதுத்தேர்வில் எப்படிச் செய்தது என்று பார்த்து, பள்ளி மார்க்கைத் தூக்குவார்கள் அல்லது இறக்குவார்கள். குழுவின் பள்ளி மார்க் சராசரி தேர்வுச் சராசரிக்குச் சமமாக வர வேண்டும், பள்ளியில் முதலில் நிற்பவருக்கு அந்தக் குழுவின் மிக உயர்ந்த தேர்வு மார்க் போகும், கடைசியில் நிற்பவருக்கு, முடிந்தவரை, மிகக் குறைந்த தேர்வு மார்க் போகும். நடுவில் இருப்பவர்கள், பள்ளி வைத்த வரிசை மாறாமல், இடைவெளிக்கு ஏற்ப அமர்வார்கள்.

என் வெள்ளைப் பலகையில் ஐந்து பிள்ளைகளை வைத்து இதைப் போட்டுப் பார்த்தேன். பள்ளி கொடுத்தது வரிசையாக 95, 90, 85, 80, 75. அதே வரிசையில் அவர்கள் தேர்வில் எடுத்தது 70, 86, 68, 60, 46. தேர்வுச் சராசரி 66, உச்சம் 86, அடி 46. சரிசெய்த பள்ளி மார்க் 86, 76, 66, 56, 46 என்று வரும். இதில் ஒன்றைக் கவனியுங்கள். தேர்வில் 86 எடுத்தது இரண்டாவது பிள்ளை, ஆனால் அந்த 86 பள்ளி மார்க்காக முதல் பிள்ளைக்குப் போகிறது. ஏனென்றால் ஆசிரியர் வருடம் முழுக்கப் பார்த்து அவரைத்தான் முதலில் வைத்தார். அதனால் இரண்டாவது பிள்ளை எடுத்தது வீணாகவில்லை, அவருடைய தேர்வு மார்க் 86 அவரிடமே இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பாதியாக்கினால் முதல் பிள்ளைக்கு 78, இரண்டாவது பிள்ளைக்கு 81.

இப்போது அந்த ஆசிரியர் கறாரானவர் என்று வையுங்கள். 95, 90 என்று கொடுக்காமல் 65, 60, 55, 50, 45 என்று போட்டிருந்தால்? சரிசெய்த மார்க் அதே 86, 76, 66, 56, 46தான், ஒரு மார்க்கும் மாறாது. அந்த அம்மா கேட்ட கேள்விக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. பள்ளி சொல்வதில் வரிசையையும் இடைவெளியையும் மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள், மார்க்கின் உயரத்தைப் பொதுத்தேர்வு முடிவு செய்கிறது. அள்ளிக் கொடுத்த பள்ளிக்கு லாபம் இல்லை, கறாராக இருந்த பள்ளிக்கு நஷ்டமும் இல்லை. பிள்ளைகள் மேல் இருக்கும் பாசத்தில் ஐந்து பேருக்கும் 95 போட்டால் என்ன ஆகும்? வரிசையே இல்லாமல் போய் ஐந்து பேரும் 66இல் உட்கார வேண்டியதுதான். நன்றாகப் படித்த பிள்ளைக்குத்தான் அதில் அடி. வகுப்பில் பாதிப் பேர் டி.பி. 5 என்று வரும் நம்முடைய ஆறு நிலை மதிப்பீட்டை இந்த முறையில் போட முடியாததற்கும் இதுதான் காரணம். யார் யாருக்கு முன்னால், எவ்வளவு முன்னால் என்று அது சொல்வதில்லை. அதற்காக அமைத்ததும் அல்ல அது.

இதுவரை எனக்கு முழு சம்மதம். எனக்குப் பயம் வருவது நம் மாதிரிச் சின்ன ஊர்களை நினைக்கும்போதுதான்.

அதே ஐந்து பேரை எடுங்கள். இரண்டாவது பிள்ளைக்குத் தேர்வன்று டெங்கிக் காய்ச்சல். 86 எடுக்க வேண்டியவர் 36 எடுத்தார். மற்ற நாலு பேரும் எழுதியதில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனால் குழுவின் சராசரி 66இலிருந்து 56க்கு இறங்கிவிடுகிறது, உச்சம் 70, அடி 36. சராசரியும் 56க்கு வர வேண்டும் என்பதால் இந்தத் தடவை இடைவெளிகள் சமமாக இருக்காது, கணக்குப் போட்டால் சரிசெய்த மார்க் ஏறக்குறைய 70, 66, 59, 49, 36 என்று வரும். முதல் பிள்ளைக்கு 16 மார்க் போச்சு, கடைசிப் பிள்ளைக்கு 10 மார்க் போச்சு. காய்ச்சல் வந்தது ஒருவருக்கு, இறங்கியது ஐந்து பேருக்கும். இதே 50 மார்க் சரிவு நூறு பேர் கொண்ட குழுவில் நடந்திருந்தால் சராசரி அரை மார்க்தான் குறையும், யாருக்கும் தெரியவே தெரியாது. பெரிய பட்டணத்துப் பள்ளிக்குத் தூசி மாதிரி விழுவது தோட்டத்துப் பக்கத்துப் பள்ளி மேல் பாறையாக விழுகிறது.

நோய், விபத்து என்று விண்ணப்பித்து அது ஏற்கப்பட்டால் அந்தப் பிள்ளையின் தேர்வு மார்க் மற்றவர்களைப் பாதிக்காதபடி நியூ சவுத் வேல்ஸில் தனியாகப் பார்க்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் விண்ணப்பிக்க வேண்டும் என்று வீட்டுக்குத் தெரிய வேண்டும், கையில் மருத்துவச் சீட்டு இருக்க வேண்டும். காய்ச்சலோடு பாராசிட்டமோல் போட்டுக்கொண்டு எழுதப் போகும் பிள்ளைகளை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன், வீட்டில் சொல்லவே மாட்டார்கள்.

ஒரே ஒருவர் மட்டும் எடுக்கும் பாடத்தை நினைத்துப் பாருங்கள். தமிழ் இலக்கியத்துக்குப் பள்ளியில் ஒருவர்தான் என்றால் உச்சம், அடி, சராசரி எல்லாமே அவருடைய தேர்வு மார்க்தான். சரிசெய்த பள்ளி மார்க்கும் அதுவாகவே ஆகிவிடும். ஆசிரியர் இரண்டு வருடம் படிக்கவைத்து, திருத்தி, எழுதிவைத்ததெல்லாம் கணக்கில் வரவே இல்லை.

அதனால் என்றாவது ஒருநாள் நம் சான்றிதழில் பள்ளி மார்க் சேருமென்றால், இந்த முறை வரட்டும், நான் கையைத் தூக்குவேன். ஆனால் சின்னக் குழுக்களை அப்படியே தனியாக விடக்கூடாது. பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகளை ஒரே குழுவாகச் சேர்க்கலாம். சும்மா பட்டியலை ஒட்டினால் போதாது, ஏனென்றால் இந்தப் பள்ளியின் 80உம் அந்தப் பள்ளியின் 80உம் ஒன்றல்ல, சேர்த்த வரிசையே பொய்யாகிவிடும். எல்லாப் பள்ளிக்கும் ஒரே வேலைகளைக் கொடுத்து, ஆசிரியர்கள் ஒரு சனிக்கிழமை ஒரே மேசையில் உட்கார்ந்து, மற்ற பள்ளிப் பிள்ளைகளின் தாளையும் கலந்து திருத்தி, அதிலிருந்து ஒரே வரிசையை எடுக்க வேண்டும். நாலு பள்ளி சேர்ந்தால் இருபது முப்பது பேராவது தேறுவார்கள், ஒருவருடைய காய்ச்சல் மற்றவர்களை இவ்வளவு இழுக்காது.

அந்த அம்மா நாளை மறுபடி வருவார். பலகையில் அந்த ஐந்து வரிசையையும் அழிக்காமல் வைத்திருக்கிறேன், உட்காரவைத்துக் காட்டப் போகிறேன்.