தேய்வது வேறு, பசை விட்டுப்போவது வேறு

ஓடுவதற்கென்று வாங்கிய ஷூ இரண்டே மாதத்தில் போய்விட்டது. கடையில் கொண்டுபோய்க் காட்டினால், "ஓடினா தேயத்தான் செய்யும்" என்று அனுப்பிவிட்டார்கள். அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. நிறுவனத்துக்கே நேராகப் புகார்க் கடிதம் எழுதிவிட்டேன். இதே பதிலைக் கேட்டுத் திரும்பியவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள் என்பதால் அதில் எழுதியதை இங்கேயும் சொல்கிறேன்.

முதலில் தூரத்தை எழுதினேன். மாதக் கணக்கு மட்டும் சொன்னால், "எவ்வளவு ஓடினீர்கள்?" என்று கேட்பார்கள், நியாயமான கேள்விதான். வாரத்துக்கு 20 கிலோமீட்டர், 8 வாரம், ஆக 160 கிலோமீட்டர். எல்லாம் தார்ச்சாலையில். அன்றாடப் பயிற்சிக்கான ஷூ பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர் வரை உழைக்கும் என்பதுதான் ஓடுபவர்களிடையே புழங்கும் கணக்கு. உடல் எடை, கால் வைக்கும் விதம், தரை இவற்றைப் பொறுத்து அது கூடும், குறையும். ஆனாலும் 160 எங்கே, 500 எங்கே?

அடுத்தது அடிப்பாகம். கடிதத்தில் இதற்குத்தான் அதிக இடம் கொடுத்தேன். தேய்மானம் என்றால் தரையில் படும் ரப்பர் மெலிய வேண்டும். பெரும்பாலும் குதிகாலின் வெளி ஓரத்தில்தான் அது முதலில் தெரியும். என் ஷூவில் ரப்பரின் வரிகள் அப்படியே இருக்கின்றன. முன்பாதத்துக்குக் கீழே அந்த ரப்பர்தான் மேலே இருக்கும் நுரையை விட்டுத் தனியாகப் பிரிந்து தொங்குகிறது.

பிரிந்த இடத்தை உற்றுப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். பசை நன்றாகப் பிடித்திருந்து, இழுவை தாங்காமல் கிழிந்திருந்தால், ரப்பரில் நுரையின் துணுக்குகள் ஒட்டியிருக்கும். இதில் ஒரு துணுக்குகூட இல்லை. பசை முழுதும் ரப்பரில் ஏடு போலப் படிந்திருக்கிறது. நுரைப் பக்கம் வழவழப்பாகக் கிடக்கிறது. நுரையில் பசை பிடிக்கவே இல்லை என்று அர்த்தம். இந்த வகை நுரையில் பசை லேசில் பிடிக்காது. அதனால் மேற்பரப்பைச் சுத்தம் செய்து, பிரைமர் பூசி, காயவிட்டு, பிறகுதான் பசை தடவிச் சூட்டில் அழுத்துவார்கள். இதில் ஏதோ ஒரு படி சரியாக நடக்கவில்லை. ஓடியவர் மேல் பழி போட இதில் என்ன இருக்கிறது?

அதிக வெப்பம் பட்டாலும் பசை இளகும் என்பது உண்மை. அதைக் காரணம் காட்டக்கூடும் என்பதால், வாஷிங் மெஷினில் போடவில்லை, வெயிலில் நின்ற காருக்குள் விட்டுவைக்கவில்லை, ஹீட்டர் பக்கத்தில் காயவைக்கவில்லை என்றும் எழுதினேன். பிரிந்த இரண்டு பரப்புகளையும் கிட்டத்தில் எடுத்த படங்கள், ரப்பர் வரிகளின் படம், ரசீது, நாக்குப் பகுதியின் லேபிளில் உள்ள தயாரிப்பு எண் எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன்.

கேட்டது ஒன்றே ஒன்று: புது ஜோடி, இல்லையென்றால் முழுப் பணம். திரும்ப ஒட்டித் தருவதாகச் சொன்னால் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவிட்டேன். மற்ற இடங்களிலும் அதே பசைதானே இருக்கிறது. பரிசோதிக்க வேண்டுமென்றால் ஷூவை அனுப்பத் தயார். முடிவை மட்டும் காரணத்தோடு எழுத்தில் தரவேண்டும்.