ஃப்ளஷ் கதவு எல்லா இடத்துக்கும் பொருந்தாது

"ஃப்ளஷ் கதவைத் தண்ணீர் ஒன்றும் செய்யாது, தலைவாசலுக்கும் குளியலறைக்கும் அதுவே போதும்." டர்பன் தமிழர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி இது.

இது தவறு. இருபுறமும் தட்டையான பலகை ஒட்டிய கதவுதான் ஃப்ளஷ் கதவு. மலிவான உள்ளறை ஃப்ளஷ் கதவுகள் பலவற்றில் இரு மெல்லிய பலகைகளுக்கு நடுவே காகிதத் தேன்கூடு அடைப்புதான் இருக்கிறது. தட்டினால் வெற்றொலி கேட்கும். தலைவாசலில் அது ஓர் உதைக்குத் தாங்காது. குளியலறையில் கீழ்விளிம்பு வழியே நீர் ஏறி, அடிப்பகுதி உப்பி, பலகை பிரியும். கதவுக்கு அடியில் கைக்கண்ணாடியை நீட்டிப் பாருங்கள். பல வீடுகளில் அந்த விளிம்புக்கு வண்ணமே பூசியிருக்க மாட்டார்கள்.

நீர்தாங்கும் பசையால் ஒட்டி, உள்ளே கட்டை நிரப்பிய ஃப்ளஷ் கதவு குளியலறைக்குப் போதும். நான்கு விளிம்புகளுக்கும் வண்ணம் அவசியம். தலைவாசலுக்கு மெரண்டி போன்ற கெட்டி மரக்கதவே என் தேர்வு. எஃகு வலுவானதுதான், ஆனால் கடற்காற்றில் கீறல் பட்ட இடமெல்லாம் துருப்பிடிக்கும்.

தலைவாசலுக்கு வாங்குமுன் வெளிப்புறக் கதவா என்று விவரச்சீட்டில் பாருங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.