"இது ரொம்ப ஈஸி" என்று சொல்லாதீர்கள்

வயதானவர்களுக்கு செல்போன் சொல்லிக்கொடுக்கும்போது நம் வாயில் தானாக வரும் ஒரு வாக்கியம் எனக்கு அறவே பிடிக்காது. "இது ரொம்ப ஈஸி." தைரியம் கொடுப்பதாக நினைத்துத்தான் சொல்கிறோம். ஆனால் கேட்பவருக்கு, "இவ்வளவு சுலபமானதுகூட எனக்கு வரவில்லையே" என்றுதான் தோன்றும். அப்புறம் அவர் சந்தேகமே கேட்க மாட்டார். புரிந்தாலும் புரியாவிட்டாலும் தலையாட்டுவார்.

போன வாரம் பெரியம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். 74 வயது, கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். நலம் விசாரித்துக் கொஞ்ச நேரம் பேசியபிறகு அவரே சொன்னார், "போன் கெட்டுப்போச்சுப்பா. தொட்டாலே படமெல்லாம் இடம் மாறிடுது." பக்கத்திலிருந்த பேரன் உடனே, "போன் நல்லாத்தான் இருக்கு, பாட்டிக்குத்தான் தெரியல" என்றான். அவர் முகம் சுருங்கிவிட்டது.

நான் எதிரில் நிற்காமல் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அப்போதுதான் இரண்டு பேருக்கும் திரை ஒரே பக்கமாகத் தெரியும். "நான் சரிபண்ணித் தரணுமா பெரியம்மா, இல்ல நீங்களே செய்யணுமா?" என்று கேட்டேன். இதைக் கேட்டே ஆக வேண்டும். சிலருக்கு வேலை முடிந்தால் போதும், அதில் தவறே இல்லை. பெரியம்மா, "நானே செய்யணும்" என்றார். "சரி, எப்பவும் தொடுற மாதிரி தொடுங்க, நானும் பாக்குறேன்" என்றேன். போன் அவர் கையிலேயே இருந்தது.

முதலில் நக நுனியால் தொட்டார். ஒன்றும் நடக்கவில்லை. உடனே விரலை நன்றாக ஊன்றி, அழைப்பு மணியை அழுத்துவதுபோல அழுத்திப் பிடித்தார். ஒரு சின்னப் பெட்டி எழும்பியது. பதறி விரலை இழுத்தார், அதோடு அந்தப் படமும் நகர்ந்து வேறு இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

விஷயம் புரிந்துவிட்டது. இந்தத் திரை அழுத்தத்தை உணர்வதில்லை. தோலில் இருக்கும் மின்கடத்தும் தன்மையைத்தான் உணர்கிறது. நகத்துக்கு அது கிடையாது. வயதானால் விரல் நுனி வறண்டுபோவதால், தோல் பட்டாலும் சில நேரம் திரைக்குத் தெரியாது. வேலை செய்யாவிட்டால் இன்னும் பலமாக அழுத்துவதுதான் பட்டன் காலத்து வழக்கம், அது சரியான யோசனையும்கூட. ஆனால் இங்கே ஏறக்குறைய அரை நொடி விரல் அப்படியே இருந்தால், போன் அதை வேறொரு கட்டளையாக எடுத்துக்கொள்கிறது.

இதை அப்படியே அவரிடம் சொன்னேன். "உங்க மேல தப்பில்ல பெரியம்மா. பலமா அழுத்துறது இதுக்குத் தெரியாது, எவ்வளவு நேரம் விரல் இருக்குங்கிறதைத்தான் எண்ணுது." கணக்கு டீச்சர் அல்லவா, உடனே பிடித்துக்கொண்டார். "அப்ப நேரம்தான் கணக்கா?"

அதன்பிறகு அவரிடம் கேட்டுவிட்டு ஒரே ஒரு அமைப்பை மாற்றினோம். ஆண்ட்ராய்டு போனில் Settings உள்ளே Accessibility பகுதியில் Touch & hold delay என்று இருக்கும், போனுக்குப் போன் அது இருக்கும் இடம் கொஞ்சம் மாறும். அதை Long என்று வைத்தால் விரல் கூடுதலாக ஒரு கணம் தங்கினாலும் படம் கிளம்பாது. உண்மையிலேயே அழுத்திப் பிடிக்க வேண்டிய வேலை வந்தால் சற்று அதிக நேரம் பிடிக்க வேண்டியிருக்கும். அதையும் சொன்னேன். நகத்துக்குப் பதிலாக விரலின் சதைப்பகுதியால் தொடவும், விரல் வறண்டிருந்தால் ஈரத்துணியில் ஒற்றிக்கொள்ளவும் சொன்னேன்.

அப்புறம் மகளுக்கு வீடியோ கால் போடப் போனார். என் இரண்டு கையும் மடியில்தான். திரை அணைந்து பூட்டிக்கொண்டது, ரகசிய எண் கேட்டது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மகளின் பெயரைத் தேடி இரண்டு முறை தாண்டிப் போய்விட்டார். எனக்கு விரலை நீட்டவேண்டும் போலத்தான் இருந்தது, ஆனால் நீட்டியிருந்தால் அந்த இடம் அவருக்குக் கடைசிவரை தெரியாமலே போயிருக்கும். பேரன் சத்தமாக, "மேல, மேல!" என்றான். வயதானால் கீச்சென்ற ஒலிகள்தான் முதலில் மங்கும், கத்தினால் சொல் தெளிவாகிவிடாது. முகம் பார்த்து, நிதானமாகச் சொன்னால் போதும் என்று அவனிடம் மெதுவாகச் சொன்னேன்.

மூன்றாவது முறை பெயரைக் கண்டுபிடித்தார். "இந்தக் கேமராப் பெட்டியா?" என்று கேட்டார். "ஆமா, அந்தக் கேமராப் பெட்டிதான்" என்றேன். நாம் வைத்திருக்கும் பெயரை அவரும் சொல்லியாக வேண்டுமா என்ன? நோட்டிலும் தன் கையாலேயே அப்படித்தான் எழுதிக்கொண்டார்.

பேசி முடித்து போனை வைத்தவர், மறுபடி கையில் எடுத்தார். "சரி, இன்னொன்னு கேக்கணும். இந்த எழுத்தைப் பெருசாக்க முடியுமா? ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன்."