கையிருப்புதான் இருக்கே, சந்தாவை எதுக்கு ஏத்தணும்?

எங்கள் முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழு மினிட்ஸ் வந்ததிலிருந்து குழுவில் ஒரே சத்தம். நாலு பக்கத்தில் ஒன்றரைப் பக்கம் வரவேற்புரை, வாழ்த்துரை, நன்றியுரை. கணக்குக்கு இரண்டே வரி: "பொருளாளர் வரவு செலவுக் கணக்கை வாசித்தார், ஒருமனதாக ஏற்கப்பட்டது. வங்கிக் கையிருப்பு 4,80,000." அடுத்த பக்கத்தில், "உறுப்பினர் சந்தாவை 500இலிருந்து 1,000 ஆக உயர்த்தத் தீர்மானிக்கப்பட்டது."

இவ்வளவு பணத்தை வைத்துக்கொண்டு எதற்கு இரட்டிப்பு என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டியது அந்த மினிட்ஸ்தான். அது வாயே திறக்கவில்லை.

பொருளாளர் கூட்டத்தில் வைத்த தாளை எடுத்துப் பார்த்தேன். 4,80,000இல் 2,10,000 அடுத்த வருட ரீயூனியனுக்கு வந்த முன்பணம். நிகழ்ச்சி நடக்காவிட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டிய காசு. பெயருக்குத்தான் நம் வங்கிக் கணக்கில் இருக்கிறது, உண்மையில் அது சங்கத்தின் கடன். இன்னொரு 1,80,000 ஆயுள் உறுப்பினர்கள் ஒரே தடவையாகக் கட்டியது. அந்த முதலை வைப்பில் போட்டு வட்டியை மட்டும்தான் எடுக்கலாம். ஆயுள் முழுக்கச் சேவை தருகிறோம் என்று வாங்கிய பணத்தை ஒரே வருட வருமானமாக எழுதிச் செலவழித்துவிட்டால், அடுத்த இருபது வருடம் அவர்களுக்கான செலவை யார் தருவார்?

இரண்டையும் கழித்தால் சங்கம் தாராளமாகத் தொடக்கூடிய பணம் 90,000தான். வைப்பு வட்டி போக, வருடச் செலவு 1,15,000. சந்தா கட்டுபவர்கள் 140 பேர், ஆளுக்கு 500 என்றால் 70,000. வருடத்துக்கு 45,000 துண்டு விழுகிறது. இரண்டு வருடத்தில் கஜானா காலி. மினிட்ஸில் இந்த ஒரு பத்தி இருந்திருந்தால் குழுவில் பாதிச் சண்டை வந்திருக்காது.

850 போதுமே என்றும் சிலர் சொன்னார்களாம். 140 பேரும் கட்டினால் 1,19,000 வரும், சரிதான். ஆனால் சந்தா ஏறினால் கொஞ்சம் பேர் சத்தமில்லாமல் விலகுவார்கள். 20 பேர் போனால் 1,02,000தான், மறுபடி துண்டு. 1,000 வைத்தால் 115 பேர் நின்றாலே செலவு கட்டுப்படியாகும். அதனால் உயர்வை நான் ஆதரிக்கிறேன். எழுதிய விதத்தில்தான் எனக்குச் சண்டை.

"உயர்த்தத் தீர்மானிக்கப்பட்டது" சரி, எப்போதிலிருந்து? இந்த வருடத்துக்கு ஏற்கெனவே 500 கட்டியவர் மீதியைக் கட்ட வேண்டுமா? ஆயுள் உறுப்பினருக்கு இது பொருந்துமா? முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் யார்? எதிர்ப்பு இருந்ததா? கூட்டத்துக்குப் போனவர்கள் நாலைந்து கை எதிராக எழுந்தது என்கிறார்கள். அந்த எண் மினிட்ஸில் இல்லை. அதைவிட முக்கியமானது துணைவிதி. அதில் "ஆண்டுச் சந்தா 500" என்று தொகையே எழுதியிருந்தால், சாதாரணத் தீர்மானம் போதாது. துணைவிதியைத் திருத்த என்ன நோட்டீஸ், எவ்வளவு பெரும்பான்மை என்று அதிலேயே சொல்லியிருக்கும், அதன்படி நடக்க வேண்டும். "பொதுக்குழு அவ்வப்போது நிர்ணயிக்கும் தொகை" என்றிருந்தால் இந்தக் கூட்டமே போதும். எங்கள் துணைவிதி இரண்டாவது வகை, தப்பித்தோம். ஆனாலும் எந்த விதியின் கீழ் முடிவெடுத்தோம் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம்.

ரீயூனியன் பகுதியும் இதே லட்சணம்தான். "சிறப்பாக நடத்த முடிவு செய்யப்பட்டது." மோசமாக நடத்தவா முடிவெடுப்பார்கள்? வர முடியாதவருக்கு எந்தத் தேதிவரை பணம் திரும்பும், செலவுக்கு உச்சவரம்பு என்ன, பற்றாக்குறை வந்தால் சங்கப் பணத்தைத் தொடலாமா என்ற மூன்றும் வேண்டும். கடைசிக் கேள்விக்கு விடை இல்லாவிட்டால் அந்த 90,000ம் மண்டப முன்பணத்தோடு போய்விடும்.

என் கணக்கில் சந்தாத் தீர்மானம் இப்படி இருந்திருக்க வேண்டும்: "ஆண்டுச் சந்தா 500இலிருந்து 1,000 ஆக, அடுத்த நிதியாண்டின் முதல் நாளிலிருந்து உயர்த்தப்படுகிறது. நடப்பாண்டுக்குச் செலுத்தியவர்கள் கூடுதல் தொகை கட்ட வேண்டியதில்லை. ஆயுள் உறுப்பினர்களுக்குப் பொருந்தாது." கீழே முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயர்கள், ஆதரவு, எதிர்ப்பு, நடுநிலை எண்ணிக்கை. ஐந்தே வரி.

"அடுத்த கூட்டத்தில் மினிட்ஸை உறுதி செய்யும்போது திருத்திக்கொள்ளலாம்" என்கிறார் செயலாளர். பாதிதான் சரி. நடந்ததைத் தவறாகவோ விட்டோ எழுதியிருந்தால் அப்போது திருத்தலாம். வாக்கு எண்ணிக்கையைச் சேர்ப்பது அந்த வகை. ஆனால் எப்போதிலிருந்து என்று கூட்டத்தில் யாருமே பேசவில்லை என்றால், அதை இப்போது செயலாளர் தானாக எழுதிச் சேர்க்க முடியாது. அது புது முடிவு, பொதுக்குழுவிடம் தனித் தீர்மானமாகத்தான் போக வேண்டும். ஆகவே செயலாளரே, அன்றைக்கு நீங்கள் கையால் எழுதிய குறிப்பை முதலில் எடுத்துப் பாருங்கள். தேதி அதில் இருக்கிறதா?