டாலர் ஏறினால் அண்ணாச்சிக்கு லாபம், நாட்டுக்கு?

தாராவியில் தோல் பை தைத்து ஐரோப்பாவுக்கு அனுப்பும் அண்ணாச்சி ஒருவருக்கு நான் ஏற்றுமதிக் காகித வேலை பார்த்துக் கொடுக்கிறேன். இன்வாய்ஸ், ஷிப்பிங் பில், வங்கிக்குப் போகும் கடிதங்கள், இப்படி. டாலர் ஏறும்போதெல்லாம் எங்கள் மாதுங்கா வாட்ஸப் குழுவில் யாராவது ஒருவர் "ஏற்றுமதிக்காரர்களுக்குக் கொண்டாட்டம், வர்த்தகப் பற்றாக்குறை தானாகக் குறைந்துவிடும்" என்று போட்டுவிடுவார். போன தடவை அதை அண்ணாச்சியிடமே காட்டினேன். "கொண்டாட்டமா? நேத்தே மெயில் வந்தாச்சு. உங்க ரூபாய் விழுந்துட்டு, பைக்கு ஒரு டாலர் குறைங்கன்னு கேக்கான்" என்றார். பை 25 டாலர். அதை 24 ஆக்கச் சொல்கிறார்கள்.

குழுவில் எழுதியவருக்குத் தெரியாத விஷயம் அந்த ஒரு டாலரில் இருக்கிறது. ரூபாய் விழுந்தால் ஏற்றுமதி கூடுமா என்பது பாதிக் கேள்விதான். எவ்வளவு கூடும், இறக்குமதி எவ்வளவு குறையும், பற்றாக்குறை குறைய இரண்டும் சேர்ந்து போதுமா என்பதுதான் முழுக் கேள்வி. பொருளாதாரப் பாடத்தில் இதை மார்ஷல்-லெர்னர் நிபந்தனை என்பார்கள். விலை 1 சதவீதம் மாறினால் வாங்கும் அளவு எத்தனை சதவீதம் மாறுகிறதோ, அதுதான் நெகிழ்ச்சி. ஏற்றுமதிக்கு ஒரு நெகிழ்ச்சி, இறக்குமதிக்கு ஒரு நெகிழ்ச்சி. இரண்டையும் கூட்டினால் 1-ஐத் தாண்ட வேண்டும். தாண்டாவிட்டால் ரூபாய் விழுவதால் பற்றாக்குறை இன்னும் மோசமாகும்.

ஏன் 1? ரூபாய் 1 சதவீதம் விழுந்த மறுநாள் காலையில் யாரும் எதையும் மாற்றவில்லை என்று வையுங்கள். அதே கச்சா எண்ணெய், அதே கணினிச் சில்லுகள். ஆனால் ரூபாயில் இறக்குமதிச் செலவு 1 சதவீதம் ஏறிவிட்டது. எடுத்த எடுப்பில் வரும் நஷ்டம் இது. இதை ஈடுகட்ட வேண்டியது இரண்டு பேர்: நம்மிடம் கூடுதலாக வாங்கும் வெளிநாட்டுக்காரர், வெளிநாட்டுச் சரக்கைக் குறைத்துக்கொள்ளும் நாம். இரண்டு பேரும் சேர்ந்து அந்த 1 சதவீதத்துக்கு மேல் கொண்டுவந்தால் லாபம்.

சரி, இதில் ஒரு பிடி இருக்கிறது. ஏற்றுமதியும் இறக்குமதியும் தொடக்கத்தில் சமமாக இருந்தால்தான் மேலே சொன்ன எளிய கூட்டல் செல்லும். நம் நாட்டில் சரக்கு இறக்குமதிதான் பெரிது. அப்படி இருக்கும்போது எந்தப் பணத்தில் எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தே விடை மாறிவிடும். எனக்கு இதைப் புரிந்துகொள்ளவே நாளாயிற்று, அதனால் கணக்காகவே போடுகிறேன். எண்கள் எல்லாம் கற்பனை.

டாலர் 80 ரூபாய். ஏற்றுமதி 60 டாலர், இறக்குமதி 100 டாலர். பற்றாக்குறை 40 டாலர், அதாவது 3,200 ரூபாய். ஏற்றுமதி நெகிழ்ச்சி 0.6, இறக்குமதி நெகிழ்ச்சி 0.5. கூட்டினால் 1.1, பாஸ். இப்போது டாலர் 88 ரூபாய்க்கு ஏறுகிறது, 10 சதவீதம். ஏற்றுமதி அளவு 6 சதவீதம் கூடுகிறது; நம் ஆட்கள் ரூபாய் விலையை மாற்றவில்லை என்பதால் வருமானம் 4,800-லிருந்து 5,088 ரூபாய். இறக்குமதி அளவு 5 சதவீதம் குறைந்து 95 டாலர் ஆகிறது, ரூபாயில் 8,360. கழித்துப் பாருங்கள்: பற்றாக்குறை 3,272 ரூபாய். கூடிவிட்டது! அதையே டாலரில் பாருங்கள்: 5,088 ரூபாய் என்பது 57.82 டாலர். 95-இல் அதைக் கழித்தால் 37.18. குறைந்துவிட்டது!

இரண்டும் சரிதான். ரூபாயில் பார்க்கும்போது ஏற்றுமதி நெகிழ்ச்சியை, இறக்குமதியில் ஏற்றுமதி எத்தனை பங்கோ அதால் பெருக்கித்தான் கூட்ட வேண்டும். 0.6-ஐ 0.6-ஆல் பெருக்கினால் 0.36, அதோடு 0.5 சேர்த்தால் 0.86, தேறவில்லை. டாலரில் பார்க்கும்போது இறக்குமதிப் பக்கத்துக்குத்தான் கனம் கூடுகிறது, அதனால் தேறிவிடுகிறது. வெளிநாட்டுக் கடனுக்கும் அந்நியச் செலாவணிக் கையிருப்புக்கும் டாலர் கணக்குதான் முக்கியம் என்பது என் கருத்து. தொலைக்காட்சியில் ஒருவர் ரூபாய்க் கணக்கையும் இன்னொருவர் டாலர் கணக்கையும் வைத்துக்கொண்டு சண்டை போடும்போது எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

அடுத்தது காலம். நெகிழ்ச்சி என்பது நிலையான எண் இல்லை. அண்ணாச்சியிடம் இன்று இருக்கும் ஆர்டர் மூன்று மாதம் முன்பே பேசி முடித்தது, விலையும் எண்ணிக்கையும் அதிலேயே இருக்கிறது. கச்சா எண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது, டாலர் ஏறியது என்று நாளைக்கே யாரும் லாரியை நிறுத்திவிடப் போவதில்லை. ஆகவே முதல் சில மாதங்களில் இரண்டு நெகிழ்ச்சியும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும். பற்றாக்குறை முதலில் மோசமாகி, பிறகு மெல்லத் திரும்பும். வரைந்து பார்த்தால் ஆங்கில ஜே எழுத்து மாதிரி இருப்பதால் ஜே வளைவு என்கிறார்கள். ரூபாய் விழுந்து ஆறு வாரத்தில் "பார்த்தீர்களா, ஒன்றும் நடக்கவில்லை" என்று தீர்ப்பு எழுதுபவர்கள் அந்த வளைவின் அடியில் நின்றுகொண்டு பேசுகிறார்கள்.

அதற்காக, நெடுநாள் கழித்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும் என்றும் இல்லை. 1966 ஜூன் 6-ஆம் தேதி அரசே ரூபாயின் மதிப்பைக் குறைத்தது; டாலர் 4.76 ரூபாயிலிருந்து 7.50 ஆனது. அன்றைக்குக் காங்கிரஸ் தலைவராக இருந்த காமராஜரே அதை விரும்பவில்லை. ஏற்றுமதி எதிர்பார்த்தபடி எழவில்லை, அதனால் மதிப்புக் குறைப்பே தோல்வி என்று இன்றும் சொல்கிறார்கள். ஆனால் அதே கையோடு ஏற்றுமதி ஊக்கத் தொகைகளை நிறுத்தி, தேயிலைக்கும் சணலுக்கும் ஏற்றுமதி வரி போட்டார்கள். போதாததற்கு மழை பொய்த்தது. தேயிலைக்காரருக்கு உண்மையில் கிடைத்த விலை மாற்றம் அறிவித்ததைவிட மிகச் சிறியது. விலை சரியாகப் போய்ச் சேராத இடத்தில் நெகிழ்ச்சியை எப்படி அளப்பது?

அண்ணாச்சி விஷயத்திலும் இதே சிக்கல் சின்ன அளவில் இருக்கிறது. மேலே போட்ட கணக்கு, நம் ஆட்கள் ரூபாய் விலையை வைத்துக்கொண்டு டாலர் விலையை முழுதாக விட்டுக்கொடுப்பார்கள் என்று எடுத்துக்கொள்கிறது. நடப்பில் நம் இன்வாய்ஸ்களில் பெரும்பாலானவை டாலரில்தான் போகின்றன. 25 டாலர் என்பது 25-ஆகவே நின்றால் வாங்குபவருக்கு எதுவும் மலிவாகவில்லை, கூடுதலாக வாங்கக் காரணமும் இல்லை. ஆனால் டாலர் வருமானமும் குறையாது. டாலர் கணக்கில் தொடக்க நஷ்டமே இல்லாதபோது, 1-ஐத் தாண்ட வேண்டும் என்ற பேச்சுக்கும் அங்கே இடமில்லை. இறக்குமதி கொஞ்சம் குறைந்தாலே லாபம்தான்.

அண்ணாச்சி கடைசியில் 24-க்கு ஒப்புக்கொண்டார். விலை 4 சதவீதம் இறங்கியது. ஆயிரம் பைக்குப் பதில் 1,030 கேட்டு ஆர்டர் வந்தது, 3 சதவீதம் அதிகம். நெகிழ்ச்சி 0.75. முன்பு 25,000 டாலர் இன்வாய்ஸ் போட்டேன், இந்த முறை 24,720. ரூபாயில் அவருக்கு நல்ல லாபம், டாலரில் 280 குறைவு. மீதியை இறக்குமதிப் பக்கம்தான் ஈடுகட்ட வேண்டும். அதற்கும் ஆரம்பித்துவிட்டார்: சீன ஜிப் விலை ஏறிவிட்டதால் உள்ளூர் ஜிப் வாங்கிப் போட்டுப் பார்க்கிறார். பாதியில் மாட்டிக்கொள்கிறது என்று திட்டிக்கொண்டே, மெழுகுவத்தியை எடுத்து அதன் பல்லில் தேய்த்துக்கொண்டிருந்தார்.